ரிப்பன் மாளிகையின் 8,404 கோடி: ஒரு வீட்டு வரி ரசீதிலிருந்து ஒரு தெருச் சாலை வரை

2025 மார்ச் 19 அன்று பெருநகர சென்னை மாநகராட்சியின் 2025-26ஆம் ஆண்டுக்கான பட்ஜெட் ரிப்பன் மாளிகையில் தாக்கலானது. மறுநாள் செய்தித்தாள்களில் வந்ததெல்லாம் அறிவிப்புகள்தான். பள்ளிகளுக்கு என்ன, பூங்காக்களுக்கு என்ன, கவுன்சிலர்களுக்கு எவ்வளவு என்று பத்தி பத்தியாக இருந்தது. எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கும் பெரியவர் (அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர்) பேப்பரை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, இதுல வரவு எங்கே, செலவு எங்கே? நான் கட்டுற வீட்டு வரி இதுல எந்த வரியில இருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்து பார்த்தபோதுதான் பட்ஜெட் உரைக்கும் பட்ஜெட் புத்தகத்துக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. அந்த ஓர் ஆண்டு பட்ஜெட்டை எடுத்துக்கொண்டு, பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, அதை நம்மைப் போன்றவர்கள் எங்கே படிக்கலாம் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு பட்ஜெட், இரண்டு பைகள்

மொத்தக் கணக்கு இது: வரவு 8,267.17 கோடி ரூபாய், செலவு 8,404.70 கோடி ரூபாய். துண்டு 137.53 கோடி. ஆனால் இந்த மொத்தத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஏனென்றால் இதற்குள் இரண்டு வெவ்வேறு பைகள் இருக்கின்றன.

முதல் பை வருவாய்க் கணக்கு. வீட்டில் மாதச் சம்பளத்தையும் மளிகை, கரண்ட் பில், பள்ளிக் கட்டணத்தையும் எழுதும் நோட்டு மாதிரி. இதில் வரவு 5,145.52 கோடி, செலவு 5,214.23 கோடி. இரண்டாவது பை மூலதனக் கணக்கு. வீடு கட்ட வாங்கிய கடனும், ஊரிலிருந்து அப்பா அனுப்பிய பணமும், அதில் எழுப்பிய சுவரும் இருக்கும் நோட்டு அது. இதில் வரவு 3,121.65 கோடி, செலவு 3,190.47 கோடி. இரண்டிலும் ஏறத்தாழ 69 கோடி ரூபாய் துண்டு விழுகிறது.

முந்தைய ஆண்டான 2024-25க்குப் போட்ட மதிப்பீட்டில் வருவாய்க் கணக்கில் மட்டும் 262.52 கோடி துண்டு. அது அடுத்த ஆண்டில் 68.71 கோடியாகச் சுருங்கியது நல்ல சேதிதானே என்று தோன்றும். இருக்கலாம். ஆனால் இரண்டுமே மதிப்பீடுகள், அதாவது "இவ்வளவு வரும், இவ்வளவு போகும்" என்று ஆண்டு தொடங்கும் முன் எழுதிய எண்கள். சொத்து வரி வசூல் எதிர்பார்த்ததைவிட மூன்றரை சதவீதம் குறைந்தாலே இன்னொரு 70 கோடி துண்டு விழுந்துவிடும். எனவே துண்டின் அளவைப் பார்த்து மகிழவோ பயப்படவோ வேண்டாம். பார்க்க வேண்டியது வேறொன்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

வரி ரசீதிலிருந்து தொடங்கினால்

பெரியவர் தன் சொத்து வரி ரசீதை எடுத்து வந்தார். ரசீதில் இருப்பது அரையாண்டுத் தொகை. சென்னையில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒவ்வொரு அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு.

இந்த வரி எப்படி இன்றைய அளவுக்கு வந்தது என்பதில்தான் கதை இருக்கிறது. பழைய சென்னைப் பகுதிகளில் 1998இல் திருத்திய வரி அதன் பிறகு நெடுங்காலம் அப்படியே இருந்தது. 2018இல் உயர்த்தினார்கள், எதிர்ப்பு வந்தது, 2019இல் திரும்பப் பெற்றார்கள். கடைசியில் 2022 ஏப்ரலில் பெரிய உயர்வு வந்தது. பழைய நகரப் பகுதியில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 100 சதவீதம், அதற்கு மேல் 150 சதவீதம். 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த புறநகர்ப் பகுதிகளுக்கு ஒவ்வொரு படியிலும் இதைவிடக் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். பழைய நகரப் பகுதியில் 1,000 சதுர அடி வீடு. 2022க்கு முன் அரையாண்டுக்கு 2,000 ரூபாய் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 சதவீதம் கூட்டினால் 3,500. அப்புறம் 2024 செப்டம்பரில் மாமன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. அதையும் சேர்த்தால் 3,710 ரூபாய். முதல் 30 நாளுக்குள் கட்டினால் 185 ரூபாய் 50 காசு மிச்சம். பெரியவரின் ரசீதிலும் ஏறக்குறைய இதே ஏணிதான் இருந்தது. "ரெண்டே தடவையில இவ்வளவா?" என்றார்.

அந்த 6 சதவீதம் யாருடைய யோசனை என்பது சுவையான விஷயம். 15ஆவது நிதி ஆணையம் நகர உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் தர நிபந்தனைகள் வைத்தது. சொத்து வரிக்கு ஒரு குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும். மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சியோடு சேர்ந்து வரி வசூலும் வளர வேண்டும். அதே ஆணையம் இன்னொரு நிபந்தனையும் வைத்தது: தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும். வரி ஏறியதைப் பற்றிப் பேசாத தெரு கிடையாது. கணக்கைத் திறந்து வைக்கச் சொன்ன நிபந்தனையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. இரண்டும் ஒரே அறிக்கையில் வந்தவை.

ரசீதில் பெரியவர் கேட்ட இன்னொரு கேள்வி: "குழாயில தண்ணி வரலை, இதுல கட்டுறேனே?" இல்லை. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியின் வேலை அல்ல. 1978இல் தனியாக அமைந்த சென்னைக் குடிநீர் வாரியம், நாம் சொல்லும் மெட்ரோ வாட்டர், அதற்குத் தனி வரியும் கட்டணமும் வாங்கித் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. அண்ணா சாலை மாதிரியான பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். பஸ் போக்குவரத்துக் கழகத்திடம். எனவே மாநகராட்சி பட்ஜெட்டில் சாக்கடைக் குழாயைத் தேடினால் கிடைக்காது. கிடைப்பது மழைநீர் வடிகால். சென்னைக்காரர்கள் பாதிப் பேருக்கு இந்த இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் புகாரும் பாதி நேரம் தவறான கதவைத் தட்டுகிறது. இன்னொரு பக்கம், ரசீதில் நூலக வரியாகப் போகும் பங்கு மாநகராட்சி செலவழிக்க வேண்டிய பணமே அல்ல. வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டியது.

மற்ற வரவுகள்

சொத்து வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய். வருவாய் வரவில் ஐந்தில் இரண்டு பங்கு. மீதியில் பெரியவை மூன்று.

தொழில் வரி சம்பளம் வாங்குபவர்களிடம் அரையாண்டுக்கொரு முறை பிடித்தம் செய்யப்படுகிறது. இதற்கு மேல் ஏற்ற முடியாத ஒரு கூரை இருக்கிறது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு சொல்கிறது. அந்தத் தொகை 1988 திருத்தத்தில் வைத்தது. மாதம் 50,000 வாங்குபவரும் ஐந்து லட்சம் வாங்குபவரும் ஒரே 2,500தான் கட்டுகிறார்கள். ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த நகரத்துக்கு இது ஒரு விசித்திரமான கட்டு.

முத்திரைத் தீர்வைப் பங்கு இன்னொன்று. வீட்டையோ மனையையோ வாங்கிப் பத்திரம் பதியும்போது கட்டும் 7 சதவீதத்தில் 2 சதவீதம் உள்ளாட்சிக்கான கூடுதல் வரி. அதைப் பதிவுத்துறை வசூலித்து அரசு வழியாக மாநகராட்சிக்கு அனுப்புகிறது. ரியல் எஸ்டேட் படுத்தால் இந்த வரவும் படுத்துவிடும்.

மூன்றாவது மாநில நிதி ஆணையப் பகிர்வு. தமிழ்நாடு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரிக்கிறது. அதில் சென்னைக்கு ஒரு பங்கு. ஆக, வருவாய்ப் பையிலும் கணிசமான பகுதி கோட்டையிலிருந்து வர வேண்டும். அது தாமதமானால் ரிப்பன் மாளிகையில் முதலில் தள்ளிப்போவது ஒப்பந்ததாரரின் பில். சம்பளத்தைத் தள்ள முடியாது அல்லவா.

செலவில் ஒரு சின்ன வேஷ மாற்றம்

வருவாய்ச் செலவில் சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்கு மின்கட்டணம், பராமரிப்பு, குப்பை என்று போகிறது. இதில் நின்று பார்க்க வேண்டிய இடம் குப்பை.

மாநகராட்சியின் மண்டலங்களில் பெரும்பாலானவற்றில் குப்பை அள்ளுவது தனியார் நிறுவனங்கள். 2025இல் 5ஆவது, 6ஆவது மண்டலங்களான ராயபுரமும் திரு.வி.க. நகரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் அந்த ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலிலேயே உட்கார்ந்து போராடினார்கள். போராட்டத்தின் நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். பட்ஜெட் படிப்பவர் கவனிக்க வேண்டியது வேறு. நேரடியாகச் சம்பளம் கொடுத்தால் அந்தப் பணம் "பணியாளர் செலவு" தலைப்பில் வரும். நிறுவனத்துக்குக் கொடுத்தால் அதே தெருவை அதே ஆள் பெருக்கினாலும் பணம் "இயக்கம், பராமரிப்பு" தலைப்புக்குப் போய்விடும். ஆகவே ஐந்து ஆண்டுப் பட்ஜெட்டுகளை வரிசையாக வைத்து "சம்பளச் செலவின் பங்கு குறைந்துவிட்டது, நிர்வாகம் சிக்கனமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், இயக்கச் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டையும் கூட்டினால்தான் குப்பை அள்ள எவ்வளவு ஆகிறது என்று தெரியும்.

மூலதனப் பை: கயிறு கட்டி வரும் பணம்

இப்போது இரண்டாவது பை. இதில் மாநகராட்சியின் சொந்தப் பணம் கொஞ்சம்தான். மத்திய, மாநில அரசு மானியங்களும் கடன்களும்தான் பெரும்பகுதி. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கென்று கட்டி அனுப்பப்படுகிறது. கொசஸ்தலையாறு வடிநிலத்தில் 769 கிலோமீட்டர் மழைநீர் வடிகால் கட்டும் 3,220 கோடி ரூபாய்த் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். ஆசிய வளர்ச்சி வங்கி இதற்கு 25.1 கோடி டாலர் கடன் தருகிறது. அந்தப் பணத்தை எடுத்து மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடம் கட்ட முடியாது. மாதவரத்திலும் மணலியிலும் வடிகால்தான் கட்ட வேண்டும். "எங்க ஏரியாவுக்கு ஏன் இல்லை?" என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் பதில், பணம் வரும்போதே இடம் முடிவாகிவிட்டது என்பதுதான். அதை முடிவு செய்த அறிக்கைகள் அந்த வங்கியின் இணையதளத்தில் இருக்கின்றன. மாநகராட்சிப் புத்தகத்தில் ஒற்றை வரியாக இருக்கும் திட்டம் அங்கே நூற்றுக்கணக்கான பக்கங்களாக விரிகிறது.

2025 மே மாதம் மாநகராட்சி இன்னொரு வழியில் கடன் வாங்கியது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் பழைய குப்பையைப் பிரித்தெடுக்கும் வேலைக்காக 200 கோடி ரூபாய்க்கு நகராட்சிப் பத்திரம் வெளியிட்டு, தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. வட்டி 7.97 சதவீதம். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 15.94 கோடி ரூபாய் வட்டி. இந்த வட்டி எந்தப் பையிலிருந்து போகும்? முதல் பையிலிருந்து. மூலதனப் பையில் எடுத்த முடிவு ஒவ்வொன்றும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வருவாய்ப் பையைத் தட்டும். புதிய பூங்கா கட்டினால் காவலாளி வேண்டும். புதிய விளக்கு போட்டால் மின்கட்டணம் கூடும்.

சும்மா சொல்லக் கூடாது, இந்தப் பத்திரத்தால் படிப்பவர்களுக்கு ஒரு நன்மை. பத்திரம் வெளியிடும் உள்ளாட்சி, பங்குச் சந்தை வாரியமான செபியின் விதிப்படி முதலீட்டாளருக்கு ஒரு தகவல் ஆவணம் தர வேண்டும். முந்தைய ஆண்டுகளின் கணக்கு, இருக்கிற கடன், வரி வசூல் நிலவரம் எல்லாம் அதில் வரும். வாக்காளருக்குச் சொல்வதைவிட விவரமாகக் கடன் கொடுப்பவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. எப்படியோ, அதை நாமும் படிக்கலாம்.

கவுன்சிலரின் 60 லட்சம்

தெருவில் ஏதாவது வேலை வேண்டும் என்றால் மக்கள் முதலில் போவது கவுன்சிலரிடம். 2025-26 பட்ஜெட்டில் அவருடைய வார்டு மேம்பாட்டு நிதி 50 லட்சத்திலிருந்து 60 லட்சமாக உயர்ந்தது. 200 வார்டுகளுக்கும் சேர்த்து 120 கோடி. மொத்தச் செலவில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை. ஆனால் பட்ஜெட் செய்திகளில் அது பிடிக்கும் இடம் அதைவிடப் பல மடங்கு பெரிது. கவுன்சிலரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2016 இறுதியிலிருந்து 2022 தொடக்கம் வரை சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது. அதிகாரியே தனி அலுவலராக இருந்து பட்ஜெட்டை முடித்தார். கேள்வி கேட்க ஒருவர் இருப்பது அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் உங்கள் வார்டில் நடக்கும் பெரிய வேலைகளின் பணம் அவர் கையில் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

புத்தகத்தை எப்படிப் படிப்பது

மாநகராட்சியின் chennaicorporation.gov.in தளத்தில் பட்ஜெட் பகுதியில் ஆண்டுவாரியாகக் கோப்புகள் இருக்கின்றன. உரை தனி, மதிப்பீட்டு அட்டவணை தனி. உரையை ஒதுக்கிவிட்டு அட்டவணையைத் திறங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேராகப் பல பத்திகள் இருக்கும். முடிந்துபோன ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டுக்கு முதலில் போட்ட மதிப்பீடு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. செய்தியில் வருவது கடைசிப் பத்தி மட்டும். நமக்கு வேண்டியது முதல் பத்தி.

நானும் பெரியவரும் செய்தது இதுதான். ஒரு தலைப்பை, சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டுப் புத்தகங்களைத் திறந்தோம். ஒரே ஆண்டுக்கான எண் மூன்று புத்தகங்களில் மூன்று வேஷத்தில் வரும். 2023-24ஐ எடுத்தால், அந்த ஆண்டின் புத்தகத்தில் அது மதிப்பீடு. அடுத்த புத்தகத்தில் திருத்திய மதிப்பீடு. அதற்கடுத்த 2025-26 புத்தகத்தில்தான் உண்மை. அதாவது, அறிவித்த பணம் செலவானதா என்று பட்ஜெட் புத்தகத்திலிருந்தே தெரிந்துகொள்ள இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்த அறிவிப்பு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மூன்று எண்களையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் நோய் எந்த வகை என்று தெரிந்துவிடும். மதிப்பீடு 100, திருத்தியது 95, உண்மை 90 என்றால் கவலையில்லை. 100, 60, 45 என்றால் அந்த வேலை தொடங்கவே இல்லை, அல்லது எதிர்பார்த்த மானியம் வரவில்லை. எது என்று அறிய, அதே திட்டத்தின் வரவுப் பக்க எண்ணைப் பாருங்கள். வரவும் சேர்ந்து விழுந்திருந்தால் பணம் வரவில்லை. வரவு வந்து செலவு மட்டும் விழுந்திருந்தால் வேலை நடக்கவில்லை. 100, 100, 50 என்றால் இன்னும் சந்தேகம். ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது திருத்திய மதிப்பீட்டை எழுதுபவருக்கு நிலவரம் தெரிந்திருக்கும், ஆனாலும் பழைய எண்ணையே மறுபடி எழுதியிருக்கிறார்.

இதைச் சரிபார்க்க இன்னொரு இடம் cityfinance.in. மத்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் நடத்தும் தளம். நான் முன்பு சொன்ன நிதி ஆணைய நிபந்தனையின்படி நாட்டின் உள்ளாட்சிகள் தணிக்கைக் கணக்கை ஏற்றும் இடம் இது. சென்னை மட்டுமல்ல, கோவை, மதுரை, உங்கள் ஊர் நகராட்சியும் இருக்கும். இங்கே ஒரு கண்ணி உண்டு. பட்ஜெட்டில் சொத்து வரி என்றால் கைக்கு வரும் பணம். ஆண்டுக் கணக்கில் சொத்து வரி என்றால் அந்த ஆண்டுக்கான கேட்பு. வசூலானாலும் ஆகாவிட்டாலும் வருமானமாக எழுதிவிடுவார்கள். வராத பணம் இருப்புநிலைக் குறிப்பில் "வர வேண்டிய பாக்கி" என்று உட்கார்ந்திருக்கும். இரண்டு ஆவணத்தின் எண்களும் பொருந்தவில்லையே என்று முறைகேடு முடிவுக்குத் தாவிவிட வேண்டாம். வருவாய்த் துறையில் இதைக் கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று கட்டங்களாக எழுதும் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலை வாங்கினால் குழப்பம் தீரும். அதே இருப்புநிலைக் குறிப்பின் மறுபக்கத்தில் ஒப்பந்ததாரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் இருக்கும். அது ஆண்டுக்காண்டு வீங்கிக்கொண்டே போனால், துண்டு சின்னதாகத் தெரிவதற்குக் காரணம் பில்லைக் கட்டாததுதானோ என்று கேட்க இடமுண்டு.

கடைசியில் எங்கள் தெரு

இவ்வளவு படித்த பிறகும் பெரியவர் திருப்தியடையவில்லை. "எல்லாம் சரி. நம்ம தெருவுக்கு எவ்வளவு?"

அங்கேதான் புத்தகம் கைவிரிக்கிறது. மதிப்பீடு துறைவாரியாக, கணக்குத் தலைப்புவாரியாக எழுதப்படுகிறது. தெரு பெயரைத் தேடினால் கிடைக்காது. மாநகராட்சியிடம் உள்ள உட்புறச் சாலைகள் மட்டுமே 5,000 கிலோமீட்டருக்கும் மேல், அவையெல்லாம் சில வரிகளுக்குள் அடைந்து கிடக்கின்றன. தெருவுக்குப் போக வேறு வழி வேண்டும்.

பணம் தெருவுக்கு வருவதற்கு முன் இரண்டு இடத்தில் தடம் விட்டுப் போகும். ஒன்று மாமன்றத் தீர்மானம். அதில் வேலை, மதிப்பீட்டுத் தொகை, எந்த நிதி என்று இருக்கும். இன்னொன்று டெண்டர். tntenders.gov.in தளத்தில் அமைப்பின் பெயரைத் தேர்ந்து, மண்டலத்தையோ வார்டு எண்ணையோ போட்டுத் தேடலாம். சாலை வேலைகளைப் பெரும்பாலும் பல தெருக்களாகச் சேர்த்து ஒரே தொகுப்பாகப் போடுவார்கள். எனவே தெருப் பெயரைத் தலைப்பில் தேடுவதைவிட, தொகுப்பைத் திறந்து இணைப்பில் உள்ள பட்டியலைப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் வேலையின் அளவுகள் இருக்கும்: பழைய தாரைச் சுரண்டி எடுக்கும் மில்லிங் எத்தனை சதுர மீட்டர், புதிய தார் எத்தனை மில்லிமீட்டர். மில்லிங்குக்கு விலை போட்டிருந்து, தெருவில் சுரண்டாமலே தார் போட்டிருந்தால், சாலை உங்கள் வாசற்படிக்கு மேலே ஏறியிருக்கும். அதைப் பார்க்க இன்ஜினியர் படிப்பு வேண்டாம், மழை போதும்.

டெண்டரில் இருப்பது செய்யச் சொன்னது. செய்ததாக எழுதியது அளவுப் புத்தகத்தில் இருக்கும். ஒப்பந்ததாரர்கள் வாயில் "எம் புக்". பொறியாளர் தெருவில் அளந்ததாகக் கையெழுத்திட்டு, அதை வைத்துத்தான் பில் பாஸாகும். அது எந்தத் தளத்திலும் இல்லை. அதற்குத் தகவல் உரிமைச் சட்டம்தான் வழி. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள், rtionline.tn.gov.in வழியாக இணையத்திலும் போடலாம். அந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவு பட்ஜெட் ஒதுக்கீட்டையும் வழங்கிய பணத்தின் விவரத்தையும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. 2ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், வேலை நடக்கும் இடத்தை நேரில் பார்க்கவும், போட்ட பொருளின் மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது.

மனு எழுதும்போது "ஏன் சாலை சரியில்லை" என்று எழுதினால் பதில் வராது. அது கருத்துக் கேட்பது. ஆவணத்தைக் கேட்க வேண்டும். பெரியவர் கணக்குப் பார்த்த கை, ஒரு பக்கத்துக்குள் முடித்துவிட்டார். தெருவின் பெயர், வார்டு எண், நிதியாண்டு. அதன் கீழே நான்கு வரி.

"மேற்படி தெருவில் நடந்த சாலைப் பணிக்கான மாமன்றத் தீர்மான எண், தேதி. பணியின் ஒப்பந்த மதிப்பும் எந்தத் திட்ட நிதி என்பதும். அளவுப் புத்தகத்தில் இப்பணிக்குரிய பக்கங்களின் சான்றிட்ட நகல். ஒப்பந்ததாரருக்கு இதுவரை வழங்கிய தொகையும், பழுது ஏற்பட்டால் அவரே சரிசெய்ய வேண்டிய காலம் முடியும் தேதியும்."

கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை படித்துப் பார்த்தார். அப்புறம் நான்காவது வரியின் கடைசிப் பாதியை அடிக்கோடிட்டார்.